மஞ்சள்கருவை ஒதுக்கினால் எந்தெந்தச் சத்து போகிறது?

கோலாலம்பூரில் உணவு ஆலோசனைக்கு வரும் நம்மவர்களில் பலர், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள், "கொலஸ்ட்ரால் இருக்குங்க, அதனால மஞ்சளை எடுத்துட்டு வெள்ளைய மட்டும் சாப்பிடுறேன்" என்பார்கள். கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை கணக்கு சரிதான்: வெள்ளைக்கருவில் அது கிடையாது, ஒரு மஞ்சள்கருவில் சுமார் 185 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து வேறென்ன குப்பைக்கூடைக்குப் போகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கடைகளில் 'சி' கிரேடு என்று விற்கும் முட்டை ஓட்டோடு 55 முதல் 60 கிராம் வரை இருக்கும். ஓட்டை நீக்கினால் ஏறக்குறைய 50 கிராம். அதில் 33 கிராம் வெள்ளை, 17 கிராம் மஞ்சள். வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. அதனால் நான்கும் மஞ்சளில் மட்டுமே இருக்கின்றன. இரும்பு, துத்தநாகம், பாஸ்பரஸ், ஃபோலேட், பி12 ஆகியவையும் ஏறத்தாழ முழுவதும் அங்கேதான். மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், ஒரு மஞ்சளில் கிட்டத்தட்ட 140 மில்லிகிராம். வெள்ளையிலோ ஒரு மில்லிகிராம் தேறினால் அதிகம்.

வெள்ளையும் வெறும் புரதம் அல்ல. பச்சை முட்டையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைக்கருவில் லேசான பச்சை கலந்த மஞ்சள் சாயல் தெரியும். அதுதான் ரைபோஃபிளேவின், அதாவது பி2. ஒரு முட்டையின் பி2-வில் பாதிக்கு மேல் வெள்ளையில்தான் இருக்கிறது. பொட்டாசியம், சோடியம், மெக்னீசியமும் அப்படியே. செலினியம் மட்டும் இரண்டு பக்கமும் பரவியிருக்கும், மஞ்சளில் சற்று கூடுதல்.

காலையில் இரண்டு முழு முட்டை சாப்பிட்டவர், நான்கு வெள்ளைக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரதம் 12.5 கிராமிலிருந்து 14 கிராமுக்கு மேல் போகிறது; பி2-வும் சற்றுக் கூடுகிறது. ஆனால் கோலின் 280 மில்லிகிராம் அளவில் இருந்தது, ஐந்து மில்லிகிராமைக்கூட எட்டாது. ஏ, டி இரண்டும் பூஜ்யம். இதற்கு நடுவழி ஒன்று உண்டு: ஒரு முழு முட்டையோடு இரண்டு வெள்ளை. புரதம் 13 கிராமுக்கு மேல் கிடைக்கும், கோலின் 140 அளவில் நிற்கும், கொலஸ்ட்ரால் ஒரு மஞ்சளோடு முடியும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் வாரத்துக்கு எத்தனை மஞ்சள் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். ஒருவருக்குச் சொன்ன எண்ணிக்கை அடுத்தவருக்குப் பொருந்தாது.

கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை பற்றியும் சொல்ல வேண்டும். வேகாத வெள்ளையில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள பயோட்டின் என்ற பி வைட்டமினை அது இறுகப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வெள்ளை கெட்டியாக வெந்தால் அவிடின் பெரும்பாலும் செயலிழந்துவிடும். எப்போதாவது சாப்பிடும் அரைவேக்காட்டால் பயோட்டின் குறையாது. பச்சை வெள்ளைக்கருவை நாள்தோறும் நிறையக் குடிப்பவர்களுக்குத்தான் அந்தச் சிக்கல். கிருமித் தொற்று வேறு விஷயம்: கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியவர்களும் நன்றாக வெந்ததையே சாப்பிட வேண்டும்.

கம்போங் கோழி முட்டையின் மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் வைட்டமின் ஏ அதிகம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. அந்த நிறம் பெரும்பாலும் தீவனத்திலிருந்து வரும் லூட்டின் போன்ற நிறமிகளுடையது. கண்ணுக்கு நல்லதுதான், ஆனால் லூட்டின் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறாது.

இரும்பை நம்பி முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒன்று: மஞ்சளின் இரும்பை ஃபோஸ்விடின் என்ற புரதம் கட்டி வைத்திருப்பதால் உடலில் சேர்வது கொஞ்சம்தான். ரொட்டி தெலோரோடு தே தாரிக்கும் குடித்தால் அதுவும் குறையும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். பக்கத்தில் கொய்யாத் துண்டு இருந்தால் நல்லது, இரும்பு உடலில் சேர உதவும் வைட்டமின் சி முட்டையில் துளியும் இல்லை.

அதிகக் கவலை தருபவர்கள், இறைச்சியும் மீனும் தொடாமல் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்கிற, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிற பெரியவர்கள். நீண்ட நாள் எடுக்கும்போது அந்த மாத்திரை பி12 அளவைக் குறைக்கக்கூடும். ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம் பி12, அதுவும் மஞ்சளில். அதை ஒதுக்கிவிட்டால், பால் தயிர் தவிர வேறு வழியில்லை. முட்டையின் பி12 இறைச்சியில் உள்ளதைப்போல எளிதாகச் சேராது, எனவே மஞ்சளைத் திரும்பச் சேர்ப்பது மட்டும் போதாமல் போகலாம். கால் மரத்துப்போவதும் எரிவதும் பி12 குறைவாலும் வரும், நீரிழிவாலும் வரும். எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல், அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-வையும் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.