வெள்ளக் கோடு காணிக்கு நடுவால் போகும்போது

கார்த்திகை மழை அடித்து ஓய்ந்ததும் ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட வேலை தெரிந்த ஆட்களைத் தேடி ஒரே கேள்விதான் வரும். வெள்ள வரைபடம் இருக்கிறது, காணி வரைபடம் இருக்கிறது. எந்தெந்தக் காணி பாதிக்கப்பட்டது, எத்தனை பரப்பு என்று ஒரு பட்டியல் எடுத்துத் தர முடியுமா? 2008இல் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தையும், 2024 நவம்பரில் பெங்கல் கொண்டுவந்த மழையையும் பார்த்த யாழ்ப்பாணத்தில் இது நியாயமான கேள்வி. மென்பொருளில் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு காணி இலக்கம் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒரு குடும்பத்துக்கு நிவாரணம் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் தீர்மானிக்கலாம். அதனால்தான் அந்தச் சில நிமிடங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை விரித்து எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் வெள்ளம், காணி என்ற இரண்டு வரைபட லேயர்களும் ஒரே ஆள்கூற்று முறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் EPSG என்று தொடங்கும் ஒரு இலக்கம் உண்டு. இலங்கையின் நில அளவை வரைபடங்களுக்கு இன்றைக்குப் பொருத்தமானது SLD99, அதாவது `EPSG:5235`. பழைய கோப்புகள் பல கண்டவளை முறையில், `EPSG:5234`இல் இருக்கும். செய்மதியிலிருந்து வரும் வெள்ள லேயர் பெரும்பாலும் `EPSG:4326`. இணைய வரைபடத்துக்கு மேல் வைத்து வரைந்தது என்றால் `EPSG:3857`. இந்தக் கடைசி முறையில்தான் அதிகம் கவனம் தேவை. 4326இல் தள அளவாகப் பரப்பளவு கணித்தால் சதுர பாகையில் ஒரு அர்த்தமில்லாத எண் வரும், உடனே பிடிபட்டுவிடும். 3857இல் வருவதோ பார்வைக்கு ஒழுங்கான எண். யாழ்ப்பாணத்தின் அகலாங்கில் அது உண்மையான அளவைவிட ஏறக்குறைய 3.6 வீதம் கூட. பரப்பு என்ற நம் நில அளவில் சொன்னால், 10 பரப்புக் காணி 10.36 பரப்பு என்று காட்டும். காணி உறுதிப் பத்திரத்தோடு ஒப்பிடாவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. QGIS மென்பொருளில் `area($geometry)` என்று கேட்டால் லேயரின் முறையில் அப்படியே தள அளவாகக் கணிக்கும். `$area` என்றால் திட்டத்தில் பூமியின் வடிவமாகக் குறித்த நீள்வட்டத்திண்மத்தின்படி கணிக்கும். இரண்டையும் ஒரே காணிக்குப் போட்டுப் பாருங்கள். மீற்றர் முறைக் கோப்பில் இரண்டுக்கும் இடையே வீதக் கணக்கில் வித்தியாசம் வந்தால் முறை பிழைத்திருக்கிறது.

அப்புறம் வெள்ள லேயரை ஒன்றாக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட பட்டியல் ஒன்று என் கைக்கு வந்தது. அதில் 3 பரப்புக் காணி ஒன்றுக்கு 5.45 பரப்பு வெள்ளம் என்று இருந்தது. காரணம் இதுதான்: அந்த லேயரில் ஆழம் மூன்று வகுப்புகளாக, ஒன்றுக்குள் ஒன்றாக வரையப்பட்டிருந்தது. தண்ணீர் நின்ற இடம் முழுக்க ஒரு பொலிகன், அதற்குள் அரை மீற்றருக்கு மேல் நின்ற இடம், அதற்குள் ஒரு மீற்றருக்கு மேல் நின்ற இடம். காணி முழுவதும் 759 சதுர மீற்றர் முதல் பொலிகனுக்குள், அதே காணியில் 500 சதுர மீற்றர் இரண்டாவதற்குள், 120 மூன்றாவதற்குள். வெட்டி எடுத்து அப்படியே கூட்டினால் 1,379 சதுர மீற்றர். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர் என்பதால் அது 5.45 பரப்பு ஆகிவிட்டது. காணியைவிட வெள்ளம் பெரிதாக இருந்தபடியால் இது கண்ணில் பட்டது. பாதி நனைந்த காணியில் இதே பிழை நடந்திருந்தால் 100 வீதத்துக்குள்ளேயே அடங்கி, ஒளிந்திருக்கும்.

ஆழம் தேவையில்லை என்றால் `Dissolve` செய்து ஒரே பொலிகனாக்கிவிடுங்கள். ஆழமும் வேண்டும் என்றால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகுப்புகளாக்குங்கள். மேலே சொன்ன காணியில் அது 259, 380, 120 என்று பிரியும். கூட்டினால் திரும்ப 759 வரும். PostGIS தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுருக்கமானது:

```sql
WITH w AS (SELECT ST_Union(geom) AS g FROM flood)
SELECT p.lot_id,
       ST_Area(p.geom) AS lot_m2,
       ST_Area(ST_Intersection(p.geom, w.g)) AS wet_m2
FROM parcels p
JOIN w ON ST_Intersects(p.geom, w.g);
```

இதில் ஒரு காணிக்கு ஒரு வரிதான் வரும். QGISஇல் `Intersection` செய்யும்போது வெள்ள லேயர் பல துண்டுகளாக இருந்தால் ஒரே காணி நாலைந்து வரிகளாக உடையும். வரிகளை எண்ணிவிட்டு "இத்தனை காணி பாதிப்பு" என்று எழுதிவிடக் கூடாது. `lot_id`ஐ வைத்து `Aggregate` செய்து, பரப்பளவைக் கூட்டிய பிறகுதான் எண்ண வேண்டும்.

இதுவரை சொன்னவை கவனமாக இருந்தால் திருத்தக்கூடியவை. இனிச் சொல்லப்போவது எந்தக் கட்டளையாலும் திருத்த முடியாதது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

நமக்குக் கிடைக்கும் வெள்ள லேயர்கள் அதிகமும் சென்டினல்-1 ராடர் படத்திலிருந்து வருபவை. முகிலுக்கு ஊடாகவும் பார்க்கும் என்பதால் மழைக்காலத்தில் அதைவிட்டால் வேறு வழியும் குறைவு. அதன் பிக்சல் 10 மீற்றர். உண்மையில் அது பிரித்தறியும் அளவு 20 மீற்றருக்குக் கிட்ட. ஆகவே படத்தில் தெரியும் வெள்ளக் கோடு நிலத்தில் ஒரு 10 மீற்றர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

சரி, இப்போது வழுக்கையாற்றுக் கரையோரமாக இரண்டு காணிகளைக் கற்பனை செய்வோம். ஒன்று 16 பரப்பு வயல், அதாவது ஒரு ஏக்கர். சதுரமாக எடுத்தால் பக்கம் 63.6 மீற்றர். தண்ணீர் ஒரு பக்கத்தால் ஏறி 40 மீற்றர் உள்ளே வந்து நிற்கிறது என்று படம் சொல்கிறது. 63 வீதம் நனைந்திருக்கிறது. கோடு 10 மீற்றர் பின்னுக்குப் போனால் 47, முன்னுக்கு வந்தால் 79. ஆட்டம் இருக்கிறது, என்றாலும் வயலில் கணிசமான பங்கு மூழ்கியது என்பதில் மாற்றமில்லை.

மற்றது 2 பரப்பு வீட்டுக் காணி. பக்கம் 22.5 மீற்றர். முழுக் காணியின் பரப்பளவும் ஏறக்குறைய ஐந்து பிக்சல்தான். கோடு 11 மீற்றர் உள்ளே வந்தால் 49 வீதம். அதே கோடு 10 மீற்றர் பின்னுக்குப் போனால் 4 வீதம், முன்னுக்கு வந்தால் 93 வீதம். ஒரே படம், ஒரே காணி. மென்பொருள் `wet_m2` நிரலில் 247.5 என்று தசமத்தோடு எழுதித்தரும். யாராவது பாதிக்கு மேல் நனைந்த காணிகளை மட்டும் எடுக்கச் சொன்னால் இந்தக் குடும்பம் ஒரு வீதத்தால் பட்டியலுக்கு வெளியே போகும். அந்த ஒரு வீதம் அளந்து வந்தது அல்ல.

அதனால் நான் ஒருபோதும் ஒரு எண்ணை மட்டும் கொடுப்பதில்லை. வெள்ளப் பொலிகனை `ST_Buffer(g, -10)` என்று ஒருமுறை சுருக்கியும், `ST_Buffer(g, 10)` என்று ஒருமுறை விரித்தும் அதே வெட்டலைத் திரும்பச் செய்கிறேன். ஒவ்வொரு காணிக்கும் குறைந்தது, படத்தின்படி, கூடியது என்று மூன்று நிரல்கள் வரும். குறைந்த எண்ணே வரையறைக்கு மேலே என்றால் அந்தக் காணி உறுதி. கூடிய எண்ணும் வரையறைக்குக் கீழே என்றால் அதை இந்தப் படத்தை வைத்துச் சேர்க்க முடியாது. இடையில் விழுபவை நேரில் பார்க்க வேண்டியவை. மேலே சொன்ன வயல் பாதி என்ற வரையறையில் மயிரிழையில் இடைப்பட்டியலுக்குள் போகும், வீட்டுக் காணி சந்தேகமில்லாமல் போகும். வெள்ளக் கோடு ஊடாகப் போகும் ஊர்களில் இந்த இடைப்பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். கேட்டவர்களுக்கு அது பிடிக்காது. ஆனாலும் அதைச் சுருக்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ராடர் காணாத தண்ணீரும் உண்டு. திறந்த வெளியில் தேங்கிய தண்ணீர் அதற்குக் கறுப்பாகத் தெரியும். மாவும் பலாவும் தென்னையும் மூடிய வளவுக்குள் நின்றால் மேலே இலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. வீடும் மதிலும் நெருங்கிய இடத்தில் அலை சுவரிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி, கறுப்புக்குப் பதில் வெளிச்சமாகக் காட்டும். ஆகவே நாவாந்துறை போன்ற நெருக்கமான குடியிருப்புகள் பட்டியலில் குறைவாக வந்தால் அங்கே வெள்ளம் இல்லை என்று அர்த்தமில்லை. மறுபக்கம், காலபோக வயலில் கார்த்திகையில் தண்ணீர் நிற்பது வழமை. வரட்சிக்கால ஆவணிப் படத்தோடு ஒப்பிட்டால் அத்தனை வயலும் வெள்ளம் என்று வந்துவிடும். ஒப்பிடும் படம் புயலுக்குச் சற்று முந்தையதாக, அதே பருவத்ததாக இருக்க வேண்டும். குளமும் கடல்நீரேரியும் இரண்டு படத்திலும் இருப்பதால் அவையும் தானாகக் கழிந்துவிடும்.

நேரில் போகிறவர்களிடம் கொடுக்கும் தாளில் காணி இலக்கம், மூன்று எண்கள், படம் எடுத்த நாளும் நேரமும் இருக்கட்டும். படம் விடிகாலையில் எடுத்தது, தண்ணீர் முதல் நாள் இரவோடு வடிந்தது என்றால் வீட்டுக்காரர் சொல்வதும் சரி, படம் சொல்வதும் சரி. மதிலில் சேறு படிந்த கோடு நிலத்திலிருந்து எத்தனை சென்றிமீற்றர் உயரம் என்று அளந்து எழுதினால் போதும். கிராம அலுவலர் கூட வந்தால் இன்னும் நல்லது. எந்த ஒழுங்கையால் தண்ணீர் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

பட்டியலைக் கையளிக்கும்போது இன்னும் ஒரு நிரல் வேண்டும்: உறுதிப்படி விஸ்தீரணம். வரைபடத்தில் 2.2 பரப்பாக இருக்கும் காணி உறுதியில் 2 பரப்பாக இருக்கும். நனைந்த சதுர மீற்றரை அப்படியே எழுதாமல், நனைந்த வீதத்தைக் கணித்து உறுதியில் உள்ள அளவோடு பெருக்கினால் பிறகு சச்சரவு குறையும். நமது பக்கத்தில் பிரிக்கப்படாத பங்குக் காணிகள் நிறைய. வரைபடத்தில் ஒரு பொலிகன், உறுதியில் நாலு சகோதரங்கள், அதில் இருவர் வெளிநாட்டில், வளவுக்குள் வீடு கட்டி இருப்பவர் ஒருவர். வெள்ளம் அந்த ஒருவரின் அடுப்படிக்குள் வந்திருக்கும். காணிப் பட்டியலை ஆட்களின் பட்டியலாக மாற்றும் வேலையை லேயர்களை வெட்டிச் செய்ய முடியாது. அது பிரதேச செயலகத்தில், பதிவுகளைப் பார்த்து, ஆட்களைக் கேட்டுச் செய்ய வேண்டியது. அதற்கு வசதியாக `lot_id`ஐ மாற்றாமல், மூலக் காணிக் கோப்பில் இருந்தபடியே விட்டுக் கொடுங்கள்.