டூப்பின் தாடியை ஷூட்டிங்குக்கு முன்பே எடுத்துவிடுங்கள்

டூப்பின் முகத்தில் ஹீரோவின் முகத்தைக் கணினியில் பொருத்தித் தரச் சொல்லி, இந்த மாதமும் ஒரு குறும்படக் குழு ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நின்றது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் எடுத்த பைக் காட்சி. ஹீரோவுக்கு மீசை மட்டும்தான், டூப்புக்கோ கழுத்து வரை அடர்ந்த தாடி. ரெண்டு பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தார்கள், அதில் குறையில்லை. "முகத்தை மாத்தும்போது தாடியும் போயிடும்ல சார்?" என்று கேட்டார் இயக்குநர்.

போகாது. எத்தனை பேரிடம்தான் சொல்வது! ஃபேஸ் ஸ்வாப் தலையை மாற்றுவதில்லை. மாற்ற வேண்டிய பகுதி இதுதான் என்று மென்பொருளில் மாஸ்க் போட்டுக் குறித்த இடத்துக்குள் மட்டும்தான் புது முகம் வரும். அந்த மாஸ்க் பெரும்பாலும் நெற்றியில் தொடங்கித் தாடையோடு முடிந்துவிடும். தாடைக்குக் கீழே தொங்குகிற முடி, கழுத்து முடி, காதோரக் கிருதா எல்லாம் டூப்புடையதாகவே இருக்கும். நேராகப் பார்க்கும் ஷாட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. டூப் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினார் பாருங்கள், கன்னம் மழமழவென்று இருக்க, தாடைக்கு அடியில் ஒரு கொத்துத் தாடி மட்டும் தனியாகத் தொங்கியது.

இன்னொரு தொல்லை, ஹீரோவின் கன்னம் கரி பூசியது போல இருண்டுவிட்டது. நிறத்தைப் பொருத்தும்போது மென்பொருள் டூப்பின் முகம் முழுக்க நிறத்தின் சராசரியை எடுக்கிறது, அதில் தாடியின் கருப்பும் சேர்ந்துவிடுகிறது. தானியங்கி நிறப்பொருத்தத்தை நிறுத்திவிட்டு, நெற்றியிலும் கன்ன எலும்பு மேலும் மட்டும் நிறம் எடுத்துக் கையால் சரிசெய்தேன். கழுத்துத் தாடிக்கு வேறு வழியில்லை. முதலில் அதன் மேல் தோலை ஒட்டி, தலை அசைவோடு ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, அதற்கப்புறம்தான் முகத்தை மாற்ற முடிந்தது. மேக்கப்மேனிடம் கால்மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

டூப்புக்குத் தாடி இல்லாமல் ஹீரோவுக்கு இருந்தால் டூப்புக்கு ஒட்டுதாடி வையுங்கள். இல்லாவிட்டால் தாடி மாஸ்க் ஓரத்தில் கத்தரியால் வெட்டியது மாதிரி நிற்கும்.

முகம் மாற்றும் ஏஐ மாடலைப் பழக்க ஹீரோவின் படங்களைக் கண்டபடி அள்ளிக்கொண்டு வராதீர்கள். நேர்முகப் படங்கள் ஷேவ் செய்த நாளிலும், பக்கவாட்டுப் படங்கள் மூணு நாள் தாடியோடும் எடுத்தவை என்றால், மாடல் அதையே கற்றுக்கொள்ளும். திரையில் அவர் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் தாடி முளைக்கும், நேரே பார்த்தால் மறையும். எல்லாக் கோணமும் ஒரே தாடி நிலையில் இருக்கட்டும்.

முள்முள்ளாக முளைத்த குறுந்தாடி இன்னும் மோசம். 128 பிக்சல் அளவில் முகம் தருகிற மாடல்களில் தனித்தனி முடி நிற்காது, சாம்பல் கறையாகக் கலங்கி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நெளியும். காலையில் ஷேவ் செய்த டூப்புக்கு மாலை வெயிலில் தாடை பச்சையடித்துத் தெரியும், அதனால் மதியத்துக்குப் பிறகு க்ளோசப் இருந்தால் மறுபடி ஷேவ் செய்யச் சொல்லுங்கள்.

தயவுசெய்து, முழுக் காட்சியையும் எடுப்பதற்கு முன் தலையை இரு பக்கமும் திருப்பி, மேலே நிமிர்த்தி ஐந்து விநாடி சோதனை ஷாட் ஒன்று அனுப்புங்கள். தாடையின் அடிப்பகுதி அதில் தெரிய வேண்டும்.