ஒரு கட்டம், இரண்டு பாட வேளை

பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அக்கா, ஆண்டுத் தொடக்கத்தில் கால அட்டவணையை ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "எனக்கு வாரத்துக்கு எத்தனை வேளை வருதுன்னு எண்ணிச் சொல்லு தம்பி." எண்ணுவது எளிய வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய சுருக்கெழுத்து MA. அது 17 கட்டங்களில் இருந்தது. ஆனால் சரியான விடை 23.

காரணம், 6 கட்டங்கள் மற்றவற்றைவிட இரு மடங்கு அகலமானவை. ஒரு மணி நேரப் பாடத்துக்கு அரை மணி வேளைகள் இரண்டை ஒன்றாக இணைத்து, பெயரை ஒரே முறை எழுதியிருப்பார்கள். படத்தில் எழுத்தை மட்டும் தேடினால் இது தப்பிவிடும். எனவே கட்டத்தின் அகலத்தையும் அளக்க வேண்டும். தலைப்பு வரிசையில் ஒரு வேளை 84 புள்ளி அகலம் என்றால், 168 புள்ளி உள்ள கட்டம் இரண்டு வேளை. சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஒரு வகுப்பின் ஒரு நாள் வரிசையில் எல்லா வேளைகளையும் கூட்டினால் அந்த நாளின் மொத்த வேளைகள் வர வேண்டும். குறைந்தால் ஏதோ ஓர் இணைந்த கட்டத்தை ஒன்றாக எண்ணிவிட்டோம்.

எக்செலில் தட்டி எண்ணுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். இணைத்த கட்டத்தில் எழுத்து முதல் கட்டத்தில் மட்டுமே இருக்கும்.

```
=COUNTIF(B2:K6,"*MA*")
```

இது இணைந்ததை ஒன்றாகவே எண்ணும். போதாததற்கு, MAL என்ற இன்னோர் ஆசிரியரின் கட்டங்களையும் அக்காவின் கணக்கில் சேர்த்துவிடும்.

அட்டவணையில் தேட வேண்டிய இன்னொன்று மோதல்; அது வேறு வகைச் சிக்கல். ஒரு வகுப்பின் அட்டவணையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது தெரியாது. எல்லா வகுப்புகளையும் ஆசிரியர் வாரியாகத் திருப்பி எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் ஒருவர் பெயரில் வந்தால் மோதல். இரு வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் உடற்கல்வி மட்டும் விதிவிலக்கு. அதை அந்த ஆசிரியரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவின் அட்டவணையில் ஒளிந்திருந்த மோதல் இன்னும் நுட்பமானது. பள்ளி 7:40க்குத் தொடங்குகிறது. முதல் மூன்று ஆண்டு வகுப்புகளான படிநிலை 1க்கு ஓய்வு நான்கு வேளைக்குப் பின், 9:40 முதல் 10:00 வரை. மேல் மூன்று ஆண்டு வகுப்புகளான படிநிலை 2க்கு ஐந்து வேளைக்குப் பின், 10:10 முதல் 10:30 வரை. ஓய்வும் ஒரு பத்தியாக வரையப்பட்டிருந்ததால், படிநிலை 2இன் ஐந்தாம் வேளை ஐந்தாம் பத்தியிலும், படிநிலை 1இன் ஐந்தாம் வேளை ஆறாம் பத்தியிலும் நின்றன. இரண்டிலும் MA. பத்திகள் வேறு என்பதால் கண்ணுக்கு அது அடுத்தடுத்த பாடமாகவே தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்று 9:40 முதல் 10:10 வரை, மற்றது 10:00 முதல் 10:30 வரை. பத்து நிமிடம் அவர் இரண்டு வகுப்பிலும் இருக்க வேண்டும்.

ஆகவே பத்தி எண்ணை நம்பாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் எழுதிக்கொள்கிறேன். முதல் பாடம் இரண்டாவது முடியுமுன் தொடங்கி, இரண்டாவதும் முதலாவது முடியுமுன் தொடங்கினால் மோதல். அக்கா அதைத் துணைத் தலைமையாசிரியரிடம் காட்டினார். படிநிலை 1 பாடத்தை 10:30க்கு நகர்த்தினார்கள்.