2.50 லிட்டரிலிருந்து 2.20: மாற்று நுரையீரலின் தீராத சிக்கல்

மாற்று இதயம் பெற்றவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். மாற்று நுரையீரல் பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறரை ஆண்டுகளை ஒட்டித்தான் நிற்கிறது. அறுவை சிகிச்சை நிபுணர்களின் கைத்திறன் குறைவு என்பதல்ல காரணம். இணைப்பு வேலை இன்று நன்றாகவே நடக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

யாருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது? முதலில் வருபவர்கள் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போனவர்கள். ஃபைப்ரோசிஸ் என்பார்கள். பலருக்குக் காரணமே தெரியாது. சிலருக்குப் புறா எச்சத்தையும் பூஞ்சைத் தூசியையும் வருடக்கணக்கில் சுவாசித்ததால் வரும். அடுத்தது, பெரும்பாலும் புகைபிடிப்பதால் வரும் சிஓபிடி. இதில் காற்றறைகள் கிழிந்து, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் தேங்கிவிடும். மூன்றாவது, சீழும் சளியும் நிரந்தரமாகத் தங்கிவிட்ட நுரையீரல்கள். மேலைநாடுகளில் இதற்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் முக்கியக் காரணம். நம் பக்கம் பழைய காசநோய் விட்டுப்போன சேதமும் உண்டு. நான்காவது, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் தளர்ந்துபோகும் நோய். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நுரையீரல்களை மட்டும் மாற்றினாலே போதும், இதயம் தானாகத் தேறிவிடுகிறது.

எந்த நோய் என்பதைப் பொறுத்துத்தான் எப்போது மாற்றுவது என்பதும் முடிவாகிறது. சிஓபிடி நோயாளி ஆக்சிஜன் சிலிண்டரோடு பல வருடங்கள் தள்ளிவிடலாம். ஃபைப்ரோசிஸ் அப்படி அவகாசம் தராது. நேற்றுவரை மாடி ஏறியவர் அடுத்த மாதமே ஐசியூவில் இருக்கக்கூடும். அதனால்தான் அந்த நோய் உறுதியானவுடனேயே மாற்று சிகிச்சை மையத்துக்கு ஒருமுறை அனுப்பிவிட வேண்டும் என்கிறார்கள். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று காத்திருந்து, அறுவை சிகிச்சையைத் தாங்கும் தெம்பே போனபிறகு வருபவர்கள் நிறையப் பேர். சீழ் பிடித்த நுரையீரல் என்றால் இரண்டையுமே மாற்றியாக வேண்டும். பழையது ஒன்றை விட்டுவைத்தால் அதிலிருக்கும் கிருமி புதியதற்கும் பரவிவிடும்.

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் நுரையீரலைக் குளிர்ந்த கரைசலால் கழுவி, காற்றால் பாதி விரித்த நிலையிலேயே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். வழக்கமான முறையில் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். ஒவ்வொரு நுரையீரலுக்கும் மூன்று இணைப்புகள்: மூச்சுக்குழாய், நுரையீரல் தமனி, இதயத்தின் இடது மேலறையோடு சேரும் சிரைகள். மூச்சுக்குழாய்ச் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் மெல்லிய தமனிகளைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. அந்தச் சுவர் கொஞ்ச வாரங்களுக்கு, பின்வழியாகக் கசிந்து வரும் ரத்தத்தை நம்பியே பிழைக்க வேண்டும்.

ஆரம்ப காலத்தில் பலரைக் கொன்றது இந்தத் தையல்தான். 1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி 18 நாட்கள் இருந்தார், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த 20 ஆண்டுகளில் உலகம் முழுக்க சுமார் 40 முயற்சிகள் நடந்தன. ஒருவர்கூட ஓராண்டைத் தொடவில்லை. மூச்சுக்குழாய்த் தையல் பலருக்குப் பிரிந்தது. உடல் புது உறுப்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்குவதைத்தான் நிராகரிப்பு என்பார்கள். அதைத் தடுக்க அதிக அளவில் கொடுத்த ஸ்டீராய்டே புண்ணை ஆறவிடாமல் செய்தது என்று டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழு கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தும் வந்துசேர்ந்ததால் ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்துத் தையலைச் சுற்றி மூடினார்கள். 1983-ல் அப்படி ஒற்றை நுரையீரல் பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தையல் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. நிராகரிப்பும் தொற்றும் தீரவில்லை.

சிறுநீரகம் வீட்டின் உள்ளறை என்றால், நுரையீரல் தெருவைப் பார்த்த திண்ணை. ஒரு நாளைக்கு சுமார் 10,000 லிட்டர் காற்று அதற்குள் போய்வருகிறது. தூசி, பூஞ்சை விதைகள், பக்கத்து சீட்டுக்காரர் தும்மிய வைரஸ் எல்லாம் அதோடு வரும். இதைச் சமாளிக்கவே நுரையீரலில் நோயெதிர்ப்பு செல்கள் குவிந்திருக்கும். அதாவது, நிராகரிப்புச் சண்டைக்கு வேண்டிய ஆட்கள் எப்போதும் அங்கேயே தயாராக இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, உறுப்பை எடுக்கும்போது அதன் நரம்புகள் அறுபடுகின்றன. தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் புது நுரையீரலுக்கு இருமத் தோன்றாது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் மந்தமாகிவிடும். நிணநீர்க் குழாய்களும் துண்டாகியிருக்கும்.

இதன்மேல், நிராகரிப்பைத் தடுக்க நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள். பெரும்பாலானவர்கள் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினலேட், ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் மூன்றையும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். இவற்றில் டாக்ரோலிமஸ்தான் ரொம்பக் கறாரான மருந்து. ரத்தத்தில் அளவு குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் தொற்றும் சிறுநீரகச் சேதமும். காலை மாத்திரை போடுவதற்கு முன்புதான் ரத்தம் எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் வம்புதான். பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகொனசோல் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைச் சரசரவென்று இறக்கிவிடும். காசநோய் மலிந்த நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

இனி, ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 54. ஃபைப்ரோசிஸுக்காக இரண்டு நுரையீரல்களும் மாற்றி 14 மாதங்கள் ஆகின்றன. தினமும் காலையில் கையடக்க ஸ்பைரோமீட்டரில் ஊதுகிறார். முதல் நொடியில் எத்தனை லிட்டர் காற்றை வெளியே தள்ளுகிறார் என்பதை அது காட்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் எட்டிய மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரி 2.50 லிட்டர். இதுதான் அவருடைய அடிப்படை எண். இந்த வாரம் மூன்று நாட்களாக 2.20 வருகிறது. 12 சதவீதம் சரிவு. 10 சதவீதம் இறங்கினாலே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், கூப்பிட்டுவிட்டார்.

அவருக்குக் காய்ச்சல் இல்லை. அதை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். நிராகரிப்பானாலும் தொற்றானாலும் மூச்சு குறையும், எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியலாம், அல்லது ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ஆனால் சிகிச்சைகள் நேரெதிர். ஒன்றுக்கு நோயெதிர்ப்பை இன்னும் அடக்க வேண்டும், மற்றதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தவறாக ஊகித்தால் நோயாளிக்கு ஆபத்து.

அதனால் பிராங்கோஸ்கோப்பி செய்கிறார்கள். மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, முதலில் தையல் இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சை படர்ந்திருக்கலாம். பிறகு உப்புக்கரைசலை ஊற்றி உறிஞ்சி, அந்த நீரில் பாக்டீரியா, பூஞ்சை, காசநோய்க் கிருமி, வைரஸ்கள் இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். அப்புறம், நுரையீரலின் ஆழத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் அளவில் ஐந்துக்குக் குறையாத துண்டுகளைக் கிள்ளி எடுப்பார்கள். சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் வளையமிட்டிருந்தால் அது நிராகரிப்பு. செல்லின் நடுவில் ஆந்தைக்கண் போல ஓர் உருவம் தெரிந்தால் சைட்டோமெகலோ வைரஸ். நிராகரிப்பை, அறவே இல்லாத ஏ0 முதல் மிகக் கடுமையான ஏ4 வரை தரம் பிரிப்பார்கள். நிராகரிப்பும் தொற்றும் சேர்ந்து இருந்தால் அன்றைக்குத் தலைவலிதான்.

நம் நோயாளிக்கு ஏ2 வந்தது, கழுவிய நீரில் கிருமி எதுவுமில்லை. மூன்று நாட்கள் நரம்பு வழியாக அதிக அளவு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. இரண்டு வாரத்தில் 2.42 லிட்டர். சரி, தப்பித்தார்.

ஆனால் அந்த ஊசிக்கு ஒரு விலை உண்டு. சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டுப் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமி. நோயெதிர்ப்பு அடங்கியதும் அது எழுந்துகொள்கிறது. இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை ஏற, வால்கான்சைக்ளோவிர் தொடங்குகிறார்கள். அந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கும். மைக்கோஃபினலேட்டும் அதையே செய்யும். வெள்ளணுக்கள் அபாய அளவுக்கு இறங்க, மைக்கோஃபினலேட்டைப் பாதியாக்குகிறார்கள். உடனே நிராகரிப்புக்கு வழி திறக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு முடிவும் அந்த நேரத்தில் சரியானதுதான்.

தொற்று இன்னொரு வழியிலும் நிராகரிப்பைக் கூட்டிவருகிறது. சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ் வந்தாலும், அதை எதிர்க்கத் திரளும் செல்கள் கிருமியோடு நிற்பதில்லை, அந்நியத் திசுவையும் கவனித்துவிடும். இரவில் வயிற்று அமிலம் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் கசிந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய காற்றுக்குழாய்களின் உள்சுவர் புண்ணாகி, ஆறும்போது தழும்பு சேர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் அடைபடுகிறது.

இதைத்தான் நாள்பட்ட நிராகரிப்பு என்கிறார்கள். வேறு காரணம் எதுவும் இல்லாமல், ஊதும் அளவு அடிப்படை எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பெயர். நம்மவருக்கு அந்தக் கோடு 2.00 லிட்டர். அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தக் கோட்டைக் கடக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி இங்கே வேலை செய்யாது, தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. அசித்ரோமைசின் மாத்திரையை வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்துப் பார்ப்பார்கள், சிலருக்கு ஊதும் அளவு ஏறுகிறது. வெள்ளணுக்களை வெளியே எடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டித் திரும்பச் செலுத்தும் முறையில் சிலருக்குச் சரிவின் வேகம் குறைகிறது. வயதும் சிறுநீரகமும் இடம்கொடுத்தால் இரண்டாம் முறை மாற்று சிகிச்சை செய்யலாம். டாக்ரோலிமஸ் பல வருடம் சாப்பிட்டவர்களில் நிறையப் பேருக்கு அந்தச் சிறுநீரகம்தான் இடம்கொடுப்பதில்லை.