சும்மா இருக்கிற வானம்

ஓவிய நகல்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எனக்கு வருகிற கோப்புகளில் பாதி, யாரோ ஏற்கெனவே 'சரிசெய்து' அனுப்பியவையாக இருக்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு தங்கும் விடுதியின் உள்ளலங்காரத்தைக் கவனிக்கிற பெண் அப்படி ஒன்றை அனுப்பினார். கடற்கரையில் ஒருவர் தன்னந்தனியாக நிற்கும் படம். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808 முதல் 1810 வரை வரைந்த 'கடலோரத் துறவி' அது. டிவி திரை மாதிரி 16-க்கு 9 என்ற அளவில் வெட்டி, கறுப்பைக் கூட்டி, நீலத்தை ஏற்றியிருந்தார்கள். போனில் கேட்டேன். "மேலே சும்மா வானம்தானே சார், அதான் கொஞ்சம் எடுத்துட்டோம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சும்மா இருக்கிற வானத்தை உண்டாக்க ஃப்ரீட்ரிக் இரண்டு வருடம் படாதபாடு பட்டார் என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

இந்த வகை ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது 'சப்ளைம்' என்ற சொல் வரும். தமிழில் உன்னதம் என்று எழுதுகிறோம். அதைக் கேட்டால் உயர்ந்தது, சிறந்தது என்ற நினைப்பு வருகிறது, பயம் வருவதில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அந்தச் சொல்லின் அடிமடியில் பயம்தான் இருந்தது. தொல்காப்பியத்தில் மருட்கை என்றும் அச்சம் என்றும் இரண்டு மெய்ப்பாடுகள் தனித்தனியாக வருமே, அந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிய மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: மருட்கை எதனால் பிறக்கும் என்று அங்கே சொல்லும் நான்கில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. மிகப் பெரியதும் மலைக்க வைக்கும், மிகச் சிறியதும் மலைக்க வைக்கும். அந்தத் துறவி ஏன் அவ்வளவு சின்ன உருவம் என்பது இதை வைத்தே பாதி விளங்கிவிடும்.

அயர்லாந்துச் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் உன்னதத்தைப் பற்றி 1757இல் வெளியிட்ட நூல்தான் இந்தப் பேச்சையெல்லாம் சூடாக்கியது. அவர் சொன்னதில் ஓவியருக்கு உதவுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆபத்து மிக அருகில் வந்துவிட்டால் அதில் எந்த இன்பமும் கிடையாது. கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் அந்தப் பயம் ருசிக்கும். கரையில் நின்று புயலைப் பார்ப்பதும், படகில் உட்கார்ந்து அதில் மாட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. இரண்டாவது, எது இல்லாமல் போகிறதோ அதுவும் அச்சுறுத்தும் என்பது. வெறுமை, இருள், தனிமை, மௌனம் என்று நான்கை அடுக்குகிறார். நான்குமே இல்லாமையின் பெயர்கள்.

பெரும்பாலான ஓவியர்கள் அந்த நான்கைத் தொடவில்லை. அவர்கள் கையில் எடுத்தது புயல், எரிமலை, பனிச்சரிவு. ஃபிலிப் ஜாக் டி லூதர்பர்க் இதற்கு நல்ல உதாரணம். லண்டன் நாடக அரங்குகளுக்குக் காட்சித் திரை வரைந்தவர். 1781இல் ஒரு சின்ன மேடையே தனியாகக் கட்டி, நடிகர்களே இல்லாமல், ஒளியும் அசையும் காட்சிகளும் வைத்து, தாமிரத் தகட்டைக் குலுக்கி இடிச் சத்தம் எழுப்பி, கடல் புயலைக் காட்டிக் காசு வாங்கியவர். 1803இல் அவர் வரைந்த ஆல்ப்ஸ் பனிச்சரிவுப் படத்திலும் அந்த நாடகக்காரர்தான் தெரிகிறார். பனிமலை உடைந்து விழுகிறது, சின்னச் சின்ன மனிதர்கள் கையை உயர்த்திப் பதறுகிறார்கள். நாம் பயப்பட வேண்டிய வேலையை அவர்களே செய்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்கும், ஆனால் முதுகு சில்லிட்டதில்லை.

ஃப்ரீட்ரிக் எதிர்ப்பக்கம் போனார். இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தார்.

அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்துப் பார்த்தபோது, கடலில் அவர் முதலில் பாய்மரக் கப்பல்களைப் போட்டிருந்தது தெரிந்தது. பிறகு அவற்றை மூடிவிட்டார். ஒரு கப்பல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கண் அங்கே போய் உட்காரும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடும். கடலுக்கு ஓர் அளவு வந்துவிடும், கூடவே கதையும் வந்துவிடும்: யாருக்காகவோ காத்திருக்கிறார், யாரையோ வழியனுப்புகிறார் என்று. கப்பல் போனபின் துறவிக்கு எந்த வேலையும் இல்லை. நம் கண்ணுக்கும்தான்.

வானத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அது இரவு வானமாக இருந்தது, தேய்பிறை நிலவும் விடிவெள்ளியும் தெரிந்தன என்று அவருடைய பட்டறைக்கு வந்து பார்த்த ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். கடைசியில் நிலவும் போனது. இப்போது இருப்பது கீழே இருண்ட மூட்டம், மேலே போகப்போக வெளிறும் சாம்பல் நீலம். எந்த நேரம் என்று அடித்துச் சொல்ல முடியாத வெளிச்சம். அது படத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்கிறது.

நான் தொழில்முறையில் அதிகம் வியப்பது மூன்றாவது நீக்கத்தை. அந்தக் கால நிலக்காட்சி ஓவியத்தில் இரு ஓரமும் ஒரு மரமோ பாறையோ நிற்கும். பார்ப்பவரை நடுவுக்குத் தள்ளி, ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கும் பாதுகாப்பைத் தருவது அதுதான். இந்தப் படத்தில் இரு ஓரமும் திறந்தே கிடக்கின்றன. கடலின் கோடு ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை ஓடுகிறது. சட்டத்துக்கு வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. படத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரே பொருள் அந்த மனிதர். அவரும் நமக்கு முகம் காட்டவில்லை, அதனால் அவர் பயப்படுகிறாரா, பிரார்த்திக்கிறாரா, அலுத்துப்போய் நிற்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

1809இல் பட்டறையில் இதைப் பார்த்த ஹெலன் வான் க்யூகல்கன் என்ற பெண்மணி தோழிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு புயலாவது இருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும், அசைவும் உயிரும் தெரியுமே என்ற பொருளில் எழுதினார். லூதர்பர்க் கொடுத்ததைத்தான் அவர் இங்கே தேடியிருக்கிறார். மறுவருடம் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் படம் தொங்கியது. அதைப் பற்றி எழுத்தாளர் ஹைன்ரிஷ் வான் கிளைஸ்ட் தன் பத்திரிகையில், சட்டத்தைத் தவிர முன்புறம் என்று எதுவுமே இல்லாததால், பார்க்கும்போது கண்ணிமைகளை வெட்டி எடுத்துவிட்டது போல் இருக்கிறது என்று எழுதினார். வேறு யாரும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். இமை இருந்தால் மூடிக்கொள்ளலாம். பர்க் சொன்ன பாதுகாப்பான தூரத்தைத்தான் ஃப்ரீட்ரிக் இங்கே பிடுங்கிவிட்டார்.

சின்ன வயதில் அவரோடு இருந்த தம்பி பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கி இறந்தது உண்மை. அதை வைத்து இந்தப் படத்தை விளக்குகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் ஈடுபாடில்லை. துக்கம் பலருக்கு உண்டு. கப்பலை வரைந்துவிட்டு அழிக்கத் துணிந்தவர் இவர்.

சரி, அச்சுக்கு வருவோம். மூலப்படம் 110 சென்டிமீட்டர் உயரம், 171.5 அகலம். இந்த அகலத்தை வைத்துக்கொண்டு 16-க்கு 9 என்று வெட்டினால் உயரம் சுமார் 96.5 ஆகிவிடும். மூலத்தின் அளவில் 13.5 சென்டிமீட்டர் காலி. மணலை வெட்டினால் துறவியின் காலுக்கு ஆபத்து, அதனால் எல்லோரும் மேலிருந்துதான் வெட்டுவார்கள். அப்போது கடல்கோடு மேலே ஏறிவிட்டது போலத் தெரியும், மனிதர் பெரியவராகிவிடுவார். பிறகு அது கடற்கரையில் நிற்கும் ஒருவரின் படம், அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாட்டைக் கூட்டுவது. கடலில் வெள்ளையாகச் சில அலைநுனிகள் உண்டு, சில கடற்பறவைகள் உண்டு. எல்லாம் பொடிப்பொடியானவை. கறுப்பை ஏற்றினால் கடல் ஒரே தார்ப்பட்டையாகி, அலைநுனியில் பாதி காணாமல் போகும். வானத்தில் நிறம் மெதுவாக வெளிறுவதற்குப் பதில் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாகப் பிரியும். உங்கள் வீட்டில் ஒரு நகல் இருந்தால் ஜன்னலருகே கொண்டுபோய் அந்த இரண்டையும் பாருங்கள்: பறவைகள் தெரிகின்றனவா, வானத்தில் பட்டை விழுந்திருக்கிறதா. அப்புறம் நிறம். பெர்லினின் பழைய தேசியக் காட்சிக்கூடத்தில் 2013 முதல் 2016 வரை இந்தப் படத்தைச் சீரமைத்தார்கள். மஞ்சளித்துப்போன பழைய வார்னிஷையும், பிற்காலத்தில் யாரோ பூசிய வண்ணத்தையும் எடுத்தார்கள். அதற்கு முன் எடுத்த புகைப்படங்களில் வானம் கொஞ்சம் பழுப்புக் கலந்து, புழுதி படிந்தது போலத் தெரியும். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, எனவே கோப்பின் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாவது அளவு. படுக்கைவாட்டில் பிடித்த கைபேசியில் முழுப் படத்தின் அகலம் சுமார் 11 சென்டிமீட்டர் வரும். மூலத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. வானம் நம் பார்வை முழுவதையும் நிறைக்க வேண்டிய இடத்தில் ஒரு தீப்பெட்டி நீலம் இருக்கும். கையில் பிடித்திருக்கும் பொருளைக் கண்டு யாரும் மிரளுவதில்லை.

அந்தப் பெண்ணிடம் இதில் கொஞ்சம்தான் சொன்னேன். மீதியைக் காட்டினேன்: வெட்டிய கோப்பில் ஒன்று, முழுசாக ஒன்று, இரண்டையும் மூன்றடி அகலத்தில் சோதனைக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டி, ஓரடி தூரத்தில் நிற்கச் சொன்னேன். முதலாவதை உடனே பார்த்து முடித்துவிட்டார். இரண்டாவதன் முன் நின்று, "இதை ரிசப்ஷன்ல வைக்க முடியாதே சார், ஒரு மாதிரி இருக்கே" என்றார். பிறகு மாடி வராந்தாவின் கோடியில் வைப்பதாக முடிவானது. அந்த வராந்தா குறுகல், பின்னால் நகர்ந்து தப்பிக்க இடமில்லை.

முழு அளவில் மங்கல் தாளில் அச்சிட்டேன். கண்ணாடி வேண்டாம் என்று மட்டும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். எதிரே ஒரு உருண்டை விளக்கு இருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் அது நேராக அந்த வானத்தில் போய் நிலவாக உட்கார்ந்திருக்கும்.