கருங்கூந்தலுக்கு வெளிர் நிறம்: பெயின்ட் அடித்தது போல ஆவது ஏன்?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் தேன் நிறக் கூந்தல் இப்போது சாதாரணம். சிலருக்கு அது பிறவி நிறம்போல இருக்கிறது. சிலருக்கு டோப்பா வைத்தது போல இருக்கிறது. பொருள் மலிவு என்பதால் மட்டும் இந்த வித்தியாசம் வருவதில்லை. தலை முழுக்க, வேர் முதல் நுனி வரை ஒரே நிறம் ஏற்றுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இயற்கையாக வெளிர்ந்த முடியைப் பாருங்கள். வேர் அடர்ந்திருக்கும், வெயில் படும் மேற்பரப்பும் நுனியும் வெளுத்திருக்கும், உள்ளடுக்கு கறுப்பாகவே கிடக்கும். இழைக்கு இழை நிறம் மாறுவதால்தான் கூந்தல் அசையும்போது ஆழம் தெரிகிறது. நம் புருவமும் இமையும் கறுப்பு. தலையில் கறுப்பே மிஞ்சாவிட்டால் முகத்தோடு முடி ஒட்டாது. ஆகவே எங்கே வெளுப்பது என்பதைவிட எங்கே விடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பாதிக்குக் குறையாமல் கறுப்பை விட்டுவிடுவது நல்லது.

ஒரு தலையை எடுத்துக்கொள்வோம். இடுப்பு வரை 60 செ.மீ. நீளம், கடைசியாக மருதாணி போட்டு எட்டு மாதம், கேட்பது கேரமல் நிறம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் வளரும். அப்படியானால் மேலே சுமார் 10 செ.மீ. புதுமுடி, அதற்குக் கீழே மருதாணி ஏறிய முடி. ஒரே தலையில் இரண்டு வகை முடி இருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஒரே பிளீச்சை ஒரே நேரம் வைத்தால் மேலே மஞ்சளும் கீழே செங்கல் நிறமுமாக நிற்கும்.

வாங்கிய மருதாணிப் பொடி, குறிப்பாகக் கருமருதாணி என்றால், அதில் உலோக உப்பு இருக்கலாம். பிளீச்சோடு சேர்ந்தால் அது கொதிக்கும் அளவுக்குச் சூடாகி முடியை அறுத்துவிடும். பின்கழுத்துப் பக்கம் சில இழைகளை வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்த பிளீச்சில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சூடு, நுரை, கெட்ட நாற்றம் எது வந்தாலும் அந்த முடிக்கு பிளீச் வேண்டாம். அது வளர்ந்து வெட்டப்படும் வரை காத்திருப்பதே வழி. கலருக்கும், வெளுத்த முடியின் நிறத்தைச் சரிக்கட்டும் டோனருக்கும் காதுக்குப் பின்னால் 48 மணி நேர ஒவ்வாமைச் சோதனை தனியாக உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்லும் பார்லரில் உட்காராதீர்கள்.

சோதனை தேறினால் முடியை மெல்லிய கொத்துகளாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு கொத்தையும் வேர்ப்பக்கமாகச் சீப்பால் பின்னுக்குத் தள்ளிச் சிக்காக்கிவிட்டு, மிச்சமுள்ள நுனிப்பகுதியில் பிளீச் பூசி ஃபாயிலில் மடிக்கலாம். அந்தச் சிக்கு இருப்பதால் பிளீச் தொடங்கும் இடம் கோடு போட்டது போல விழாது. தலைத்தோலிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தொடவே கூடாது. தலைச்சூட்டில் அங்கே முடி வேகமாக வெளுத்து, வேர் மட்டும் பளீரென்று தெரியும். பிளீச் பொடியோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர், இந்த வேலைக்கு 20 வால்யூம் (6 சதவீதம்) போதும். 40 வால்யூம் வேகத்தைத் தரும், கூடவே முறிவையும் தரும். மருதாணிப் பகுதிக்கு முதலில் பூசி, 15-20 நிமிடம் கழித்துப் புதுமுடிப் பகுதிக்கு வாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபாயிலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் சொன்ன நேரத்தைத் தாண்டக் கூடாது.

கறுப்பு வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக வரும். கேரமலுக்குப் பழுத்த மாம்பழச் சதை நிறத்தில் நிறுத்தலாம். மருதாணிப் பகுதி பப்பாளி நிறத்திலேயே நின்றுவிட்டால் மறுபடி பூசித் துரத்தாதீர்கள். கேட்ட நிறத்தை ஒரு படி அடர்த்தியாக்கிக்கொள்வதே முடியைக் காக்கும். நிஜமாகவே நன்றாகவும் இருக்கும்.

பிளீச் ஒழுங்காக வந்த தலைகூடத் தட்டையாகிவிடுவது டோனரில்தான். ஆரஞ்சை நீலமும் மஞ்சளை ஊதாவும் அடக்கும். ஆனால் எல்லா இழைக்கும் ஒரே சாம்பல் டோனரைத் தடவி ஊறவிட்டால் பொன்னிறம் முழுக்கச் செத்து, சேறு பூசியது போலாகும். முகத்தைச் சுற்றிய இழைகளுக்குப் பொன் கலந்த வெளிர் டோனர், உள்ளே இருப்பவற்றுக்கு இரண்டு படி அடர்ந்த பழுப்பு என்று பிரியுங்கள். காய்ந்து உறிஞ்சும் நுனிக்குக் கடைசியில், சில நிமிடம் மட்டும். கழுவி உலர்த்திய பிறகு கடை விளக்கில் முடிவு சொல்லாமல், வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பில் நிறம் சரியாகத் தெரியாது.

இந்தச் செம்மண் பகுதியில் இன்னொன்று உண்டு. பக்கெட்டில் காவி படியும் கிணற்று நீர் என்றால் அந்த இரும்பு வெளுத்த முடியிலும் படிந்து, செம்பு நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும். பிளீச்சுக்கு முன்பே கடின நீர்ப் படிவை நீக்கும் ஷாம்பூவால் அலச வேண்டும். பிறகு வீட்டில் கடைசி இரண்டு குவளையாவது ஃபில்டர் தண்ணீரில் அலசுங்கள்.