பாசிவ் அக்ரெசிவ்: முரண்டும் சாடையும்

அலுவலகப் பேன்ட்ரியின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு: “என் தயிரைச் சாப்பிட்ட அன்பருக்கு நன்றி. நாளை ஊறுகாயும் கொண்டு வரவா?” கையெழுத்து இல்லை. இத்தகைய சீட்டைத்தான் இன்று பலரும் ‘பாசிவ் அக்ரெசிவ்’ என்கிறார்கள்.

இந்தத் தொடர் பிறந்த இடம் இராணுவம். 1945இல் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட மருத்துவ அறிக்கை ஒன்று சில சிப்பாய்களின் நடத்தைக்கு இப்பெயரைச் சூட்டியது. அவர்கள் மேலதிகாரியின் கட்டளையை நேராக மறுப்பதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், தள்ளிப்போடுவார்கள், வேண்டுமென்றே மந்தமாக வேலை செய்வார்கள். வாய்விட்டு மறுத்தால் தண்டனை என்பதால் எதிர்ப்பு இப்படி வெளிப்பட்டது. 1952இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் முதல் நோய் வகைப்பாட்டு நூலில் இது ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. அதற்குள் சொல் மருத்துவமனையை விட்டு வெளியேறி ஊர் வழக்காகியிருந்தது.

தமிழில் இதைச் சிலர் ‘செயலற்ற ஆக்கிரமிப்பு’ என்று எழுதுகிறார்கள். ஆக்கிரமிப்பு என்றால் நமக்கு ஏரிப் புறம்போக்குதான் நினைவுக்கு வரும். தயிர் போன வருத்தத்தில் யாரும் பட்டா கேட்கவில்லை. நம்மிடம் இதற்கு ஒன்றல்ல, இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. அந்தச் சிப்பாய் செய்தது முரண்டு. ஃபிரிட்ஜ் சீட்டு செய்வது சாடை. மருமகள் காதில் விழும்படி பூனையைத் திட்டுவதைச் சாடை பேசுதல் என்போம். “உன்னையா சொன்னேன், பூனையைத்தானே?” என்று கேட்க எப்போதும் ஒரு வழி திறந்திருக்கும். ஆகவே இவ்வகைச் சீட்டைச் ‘சாடைச் சீட்டு’ என்று சொல்லலாம், விளக்கம் தேவைப்படாது.

தப்பிக்கும் அந்த வழிதான் சாடைக்கும் நேர்மையான வேடிக்கைக்கும் உள்ள வேறுபாடு. தயிர் சீட்டையே எடுத்துக்கொள்வோம். ‘நன்றி’ என்ற சொல்லுக்குள் கோபம் ஒளிந்திருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியாததால் மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை. எடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இல்லை. விசாரித்தால், “சும்மா தமாஷுக்கு எழுதினேன்” என்ற பதில் தயாராக இருக்கும்.

அதே தயிர்க்காரர் இப்படி எழுதியிருந்தால்: “நான் தயிர்சாதம் இல்லாமல் பிற்பகல் கூட்டத்தில் உட்கார்ந்தால் அனைவருக்கும் ஆபத்து. நீல மூடி டப்பாவை விட்டுவிடுங்கள். கணக்குப் பிரிவு, சன்னலோர மேசை.” இதிலும் எரிச்சல் உண்டு. ஆனால் கேலி எழுதியவர் மேலேயே விழுகிறது, கோரிக்கை தெளிவாக இருக்கிறது, போய்ப் பேச ஒரு மேசையும் இருக்கிறது. இது வேடிக்கை.

எனவே கூர்மையை வைத்து முடிவுகட்டக் கூடாது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, உன் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி அழகாக இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் (புறநானூறு 95). புகழ்வதுபோல் இகழ்ந்தாலும், அரசன் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர்; சாடைச் சீட்டோடு சேர்க்க முடியாது.

மறுபுறம், வெறும் கண்டிப்பும் சாடை ஆகாது. “இது ஒவ்வாமை உள்ளவருக்கான சோயா பால், எடுக்காதீர்கள்” என்ற சீட்டில் இனிப்பு இல்லை, அவ்வளவுதான். அதைப் பாசிவ் அக்ரெசிவ் என்பது சொல்லை வீணடிப்பது.

எனக்கு அறவே பிடிக்காதது, கழுவுதொட்டியின் மேல் ஒட்டப்படும் “உங்கள் அம்மா இங்கே வேலை செய்யவில்லை”. சிரிப்பு முகம் வரைந்திருந்தாலும் இது சாடைதான். ஒருவர் போட்ட எச்சில் கோப்பைக்காக ஒரு தளமே திட்டு வாங்குகிறது. ஒழுங்காகக் கழுவுகிறவர்களுக்கு அது உறைக்கும்; போட்டவருக்கோ தன்னைச் சொல்வதாகவே தோன்றாது. கடைசியில் கோப்பையைக் கழுவும் துப்புரவுப் பணியாளர், அம்மாவுக்கு அங்கே என்ன இடம் என்பதையும் தினமும் படித்தபடி கழுவுகிறார்.

ஒரே வாசகம் எழுதியவரின் பதவியைப் பொறுத்தும் மாறும். புதிதாகச் சேர்ந்தவர் சாடையாக எழுதினால், அந்தச் சிப்பாயைப் போல அவருக்கு நேராகச் சொல்லத் துணிவில்லை என்று கொள்ளலாம். மேலாளரைத் தடுப்பவர் யாருமில்லை. அவர் “நம் குடும்பத்தில் யாரோ பால் பிரியர் போலிருக்கிறது” என்று பெயரில்லாமல் ஒட்டினால், அது நகைச்சுவை வேடத்தில் வந்த எச்சரிக்கை. பணியாளர்களும் அதை அப்படித்தான் வாசிப்பார்கள்: அன்று மாலைக்குள் பால் பாக்கெட்டுகளில் எல்லாம் பெயர் எழுதியிருக்கும்.